குழாய்க்கு வெளியே தண்ணீர் ஓடுகிறது, பாதையில் குழி: வயல் பாதை பைப் கல்வெர்ட், எங்கே தவறினேன்?

வரப்போரம்

தோட்டத்துக்குப் போகும் டிராக்டர் பாதையை ஒரு சிறு ஓடை குறுக்கே வெட்டுகிறது. அங்கே 600 மி.மீ. உள்விட்டமுள்ள கான்கிரீட் குழாய் போட்டு மேலே மண் கொட்டினேன். குழாய் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர், இரண்டு போட்டேன், மொத்தம் 5 மீட்டர். பாதையின் அகலம் 4 மீட்டர் என்பதால் இதுவே தாராளம் என்று நினைத்தேன். இரு முனையிலும் 45 செ.மீ. கனத்தில் கருங்கல் சுவர், குழாயின் உச்சிக்கு மேல் ஒரு அடி உயரம் வரை. குழாய் உச்சிக்கு மேல் பாதை வரை 90 செ.மீ. மண்.

முதல் பெரிய மழையில் மூன்று விஷயம் நடந்தது. பாதையின் நடுவில், இடது சக்கரத் தடத்தில், ஒரு வாளி கவிழ்த்த அளவுக்குக் குழி. பாதையின் இரு ஓரமும் சுவருக்கு மேல் சரிந்து ஓடையில் விழுந்தன. கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டி, குழாய்க்கு வெளியே, கலங்கல் தண்ணீர் கொப்பளித்தது. அந்தச் சுவரும் லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது.

குழியில் சிமென்ட் பால் ஊற்றி அடைத்துவிடலாமா? அல்லது எல்லாவற்றையும் தோண்ட வேண்டுமா?

காட்டுவழி

குழாய் சிறிது, அவ்வளவுதான். 600 எடுத்துவிட்டு 900 போடுங்கள். தண்ணீருக்கு வழி போதாவிட்டால் அது வெளியே வழி தேடும். எங்கள் பக்கத்து நிலத்திலும் இதே கதைதான்.

பழைய ஓவர்சியர்

காட்டுவழி சொல்வதில் பாதி சரி. வாய் சிறிதாக இருந்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் வழி தேடும். ஆனால் அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். வரப்போரம், மேல்பக்கச் சுவரில் தண்ணீர் ஏறிய கறை எந்த உயரத்தில் இருக்கிறது? குழாய் உச்சிக்கு மேலா, கீழா?

இன்னொன்று. ஓடையில் தண்ணீர் சற்று வடிந்ததும் மேல்பக்கக் குழாய் வாயை மணல் மூட்டையால் நன்றாக அடைத்து, முன்னால் தண்ணீர் தேங்கவிடுங்கள். குழாய் உள்ளே காய்ந்திருக்கும்போதே கீழ்ப்பக்கச் சுவரோரம் கசிந்தால், தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வருகிறது என்று பொருள். அப்புறம் வாயில் நின்று டார்ச் அடித்து இணைப்பைப் பாருங்கள். உள்ளே தவழ்ந்து போக வேண்டாம்.

கடைசியாக, குழாய்க்கு அடியில் என்ன போட்டீர்கள்? மண்ணை எப்படி நிரப்பினீர்கள்?

வரப்போரம்

கறை குழாயின் முக்கால் உயரத்தில் இருக்கிறது, உச்சியைத் தொடவில்லை. மூட்டை வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கீழ்ப்பக்கச் சுவரோரம் கசிந்தது, அதுவும் மண் கலந்து. டார்ச் அடித்ததில் நடு இணைப்பு ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறது, அதன் கீழே உள்ளே சின்ன மண் குவியல்.

அடியில் 10 செ.மீ. கான்கிரீட் தட்டையாகப் போட்டோம். மட்டம் பார்க்கச் செங்கல் வைத்து, அதன் மேல் குழாயை இறக்கினோம். மண்ணை இயந்திரம் ஒரு பக்கமிருந்து தள்ளியது, அதன் சக்கரம் மேலே ஏறி இறங்கியதே போதும் என்று விட்டோம். மண் பெரும்பாலும் ஓடை மணல்.

பழைய ஓவர்சியர்

சரி, கதை முழுதும் கிடைத்துவிட்டது. இந்த மழையில் நடந்ததற்குக் குழாயின் அளவு காரணமில்லை.

தட்டையான கான்கிரீட்டின் மேல் உருண்டைக் குழாயைச் செங்கல் வைத்து நிறுத்தினால், அடிவயிற்றின் இரு பக்கமும் ஆப்பு வடிவில் ஒரு பொந்து மிஞ்சும். மேலிருந்து கொட்டும் மண் அங்கே போகவே போகாது. மேல்பக்கச் சுவரிலிருந்து கீழ்ப்பக்கச் சுவர் வரை நீங்களே ஒரு இரண்டாவது குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதைச் சுற்றி மணல் வேறு. தண்ணீர் மணலை அரித்துக்கொண்டே போகும். ஒரு பக்கமிருந்து மண் தள்ளியதில் குழாய் நகர்ந்து இணைப்பும் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவு வழியாக மேல்மண் குழாய்க்குள் கொட்டியதுதான் உங்கள் குழி. மேலிருந்து அடைத்தால் குழிதான் மறையும், பொந்து அப்படியே இருக்கும்.

ஓரம் சரிந்ததற்குக் காரணம் குழாயின் நீளம். கணக்கைப் பாருங்கள். சுவர் உச்சி குழாய்க்கு மேல் 30 செ.மீ., பாதை 90. ஆக சுவருக்கு மேல் 60 செ.மீ. மண் சரிவாக நிற்க வேண்டும். அந்த மண் ஒன்றுக்கு ஒன்றரை சரிவில்தான் நிலைக்கும், அதாவது ஒரு பக்கத்துக்கு 90 செ.மீ. தள்ளி வரும். பாதை 4, இரு சரிவும் 1.8, இரு சுவரின் கனமும் 0.9. கூட்டினால் 6.7 மீட்டர். நீங்கள் போட்டது 5. இரு சுவருக்கும் இடையே உங்களுக்கு 4.1 மீட்டர்தான் மிஞ்சியது, மண் செங்குத்தாக நிற்க வேண்டியதாயிற்று. மூன்று குழாய் போட்டால் 7.5.

ஓடை பாதையை நேர்கோணத்தில் வெட்டுகிறதா?

சொட்டுநீர்

ஒரு எச்சரிக்கை. நான் நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய் போட்டு சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினேன். பாதி ஊற்றியபோதே குழாய் மிதந்து மேலே வந்துவிட்டது. காலையில் பார்த்தால் நடுவில் ஒட்டகத்தின் முதுகு. அதனால் இரும்புக் கம்பியால் கட்டி, இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள்.

பழைய ஓவர்சியர்

பிளாஸ்டிக்குக்கு அது சரியான எச்சரிக்கைதான், சொட்டுநீர். இவருடையது கான்கிரீட் குழாய். சுவர் 75 மி.மீ. கனமிருந்தால் ஒன்று ஏறக்குறைய ஒரு டன், கால்பங்கு உயரம் வரை மட்டும் கான்கிரீட் ஊற்றினால் மிதக்காது. அதைத் தூக்கும்போது கீழேயோ பக்கத்திலோ ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே கவலை.

வரப்போரம்

ஓடை நேராக வெட்டவில்லை, 20 பாகை சாய்வு இருக்கும். குழாய்ச் சுவர் 75 மி.மீ. தான்.

பழைய ஓவர்சியர்

அப்படியானால் 6.7 என்பது ஓடையின் திசையில் 7.13 ஆகும். சுவர் பாதைக்கு இணையாகவும் குழாயின் முனை நேர்வெட்டாகவும் இருப்பதால், வாய் முழுதும் சுவரின் முகத்துக்கு வர இன்னும் 27 செ.மீ. வேண்டும். மொத்தம் 7.4. மூன்று குழாய் மயிரிழையில் தப்பிக்கிறது. சாய்வு 30 பாகையாக இருந்திருந்தால் போதாது. அளவு நாடாவை வைத்து ஒரு முறை சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

நானாக இருந்தால் தோண்டித்தான் போடுவேன். அடியில் 150 மி.மீ. கான்கிரீட், 1.05 மீட்டர் அகலம், ஓடையின் சரிவிலேயே, 7.5 மீட்டருக்கு 75 மி.மீ. இறக்கம் போதும். அது இறுகியபின் செங்கல்லுக்குப் பதிலாக ஒரு குழாய்க்கு இரண்டு என்று சின்னக் கான்கிரீட் கட்டைகள் வைத்து, குழாயை 5 செ.மீ. தூக்கி நிறுத்துங்கள். சாக்கெட் உள்ள முனை மேல்பக்கம் பார்க்கட்டும். இணைப்பைக் கலவையால் அடைத்து, குழாயை இருபுறமும் முட்டுக் கொடுத்தபின், சற்று இளகிய கான்கிரீட்டை ஒரு பக்கம் மட்டும் ஊற்றி, குழாயின் அடியில் புகுந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை கம்பியால் குத்துங்கள். மறுபக்கம் வந்தால்தான் பொந்து நிறைந்தது என்று நம்பலாம். அப்புறம் மறுபக்கமும் ஊற்றி, குழாயின் வெளி உயரத்தில் கால்பங்கு வரை தொட்டிலாக ஏற்றுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டரைக் கன மீட்டருக்குள் முடியும்.

மேல்பக்கச் சுவரின் அடித்தளத்தை ஓடைத் தரையிலிருந்து 60 செ.மீ. கீழே கொண்டுபோங்கள். தொட்டில் கான்கிரீட் அந்தச் சுவரோடு சேர்ந்தால் அடிவழியாக வரும் தண்ணீருக்கு அதுவே தடுப்பு. கீழ்ப்பக்கம் உங்கள் சுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழம்?

வரப்போரம்

ஒரு சாண் இருக்கும். கீழ்ப்பக்கம் குழாய் வாய் ஓடைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் குதித்து விழுந்து பள்ளம் ஆகிவிட்டது.

பழைய ஓவர்சியர்

சாய்ந்ததற்கு அதுதான் காரணம். குழாயை இறக்கி, வாயை ஓடைத் தரையோடு சமமாகவோ ஒரு விரல் கீழாகவோ வையுங்கள். அங்கேயும் 60 செ.மீ. அடித்தளம், முன்னால் ஒன்றரை மீட்டருக்குப் பெரிய கல் பதித்த தரை.

மண்ணுக்கு ஓடை மணல் வேண்டாம். கொஞ்சம் களிமண் கலந்த கிராவல் மண், பெரிய கல் இல்லாதது. 15 செ.மீ. கொட்டி, ஈரமாக்கி, திமிசுக்கட்டையால் இடித்து, உடனே மறுபக்கமும் அதே 15. இரு பக்கமும் எப்போதும் சமமாக ஏற வேண்டும், அப்போதுதான் குழாய் நகராது. குழாய் உச்சிக்கு மேல் ஒரு அடி கை இடிப்பில் ஏறும் வரை இயந்திரம் பக்கத்தில் வரக்கூடாது. ஈரம் சரியா என்று பார்க்க, கையில் ஒரு பிடி இறுக்குங்கள். உருண்டையாக நிற்கவும் வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது.

கலவைக்கரண்டி

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் ஐயா. எல்லாம் தோண்ட ஆளும் இயந்திரமும் யாரிடம் சும்மா இருக்கிறது? உள்ளிருந்து இணைப்பைக் கலவையால் பூசி, மேல்பக்கச் சுவருக்கு முன்னால் 75 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குறுக்குச் சுவர் கான்கிரீட் போட்டு, குழி வழியாகச் சிமென்ட் பால் ஊற்றினேன். நான்கு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

பழைய ஓவர்சியர்

குறுக்குச் சுவர் நல்லது, தண்ணீர் நுழையும் இடத்தை மூடுகிறது. ஆனால் சிமென்ட் பால் எந்தப் பொந்துக்குப் போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவருக்குக் குழாயே குட்டை, ஓரம் எப்படியும் சரியும். அதனால்தான் தோண்டச் சொல்கிறேன்.

வரப்போரம்

தோண்டிவிட்டேன். குழாயைத் தூக்கியதும் அடியில் செங்கற்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கிடையே எலிப் பொந்து போல நீளமாக ஒரு வழி, கை நுழையும். இன்று தொட்டில் கான்கிரீட் ஊற்றினோம், ஓவர்சியர் ஐயா சொன்னபடி மறுபக்கம் எட்டிப்பார்த்தது. நடுக் குழாய்க்கு மட்டும் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். கீழ்ப்பக்கச் சுவரில் நீர் வடியச் சின்னத் துளை விடச் சொல்கிறார்கள். விட்டால் மறுபடி மண் அரிக்காதா?

கலவைக்கரண்டி

இவ்வளவு குட்டைச் சுவருக்குத் துளையே வேண்டாம்.

பழைய ஓவர்சியர்

நான் விடுவேன். ஆனால் துளைக்குப் பின்னால் ஒரு கூடை ஜல்லி வைத்து, அதற்குப் பின்னால் பொடி ஜல்லியோ வடிகட்டும் துணியோ வைத்த பிறகுதான். அதில்லாமல் துளை மட்டும் விடுவதாக இருந்தால் கலவைக்கரண்டி சொன்னபடி மூடியே விடுங்கள்.