கறுப்பு அட்டையில் வெள்ளைக் கீறல்: ஸ்கிராட்ச்போர்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வளர்மதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓவியக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கறுப்பு மை பூசிய அட்டையைக் கத்தி முனையால் கீறி, அடியில் இருக்கும் வெள்ளையை வெளியே கொண்டுவந்து படம் வரைவார்களே, அந்த ஸ்கிராட்ச்போர்டு பற்றியது. பாடத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளாட்டின் போட்டோவை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக அதன் முகத்தில் விழுகிறது.

அட்டைக்கு ஒரு சொல், முறைக்கு ஒரு சொல், முடிந்த படத்துக்கு ஒரு சொல் என்று மூன்று வேண்டும். இப்போதைக்குச் 'சுரண்டல் ஓவியம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். முன்பு சுரண்டல் லாட்டரி என்று சொன்னோமே, அந்த நினைவில்.

செல்வம் எழுதியது:

அக்கா, சுரண்டல் வேண்டாம். லாட்டரி என்ற சொல் பக்கத்தில் இருந்ததால் அங்கே பொருள் புரிந்தது. தலைப்பில் 'சுரண்டல் ஓவியம்' என்று தனியாக நின்றால், உழைப்புச் சுரண்டலைப் பற்றிய ஓவியம் என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை 'எதிர்மறை ஓவியம்'. கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு என்றால் அது நெகட்டிவ்தானே? போட்டோவைக் கணினியில் இப்படித் திருப்பி, அச்செடுத்து, அதைப் பார்த்துக் கீறச் சொல்லலாம்:

```
magick aadu.jpg -colorspace Gray -negate aadu2.png
```

இராமநாதன் எழுதியது:

செல்வம் தம்பி, சுரண்டல் பற்றிச் சொன்னது சரி. எதிர்மறை என்பதுதான் பிள்ளைகளைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கறுப்பு ஆடு வெள்ளை ஆடாகிவிடும். கண்ணின் கருமணி வெளுத்து, அதில் மின்னும் ஒளிப்புள்ளி கறுத்துவிடும். அதைப் பார்த்துக் கீறினால் ஆட்டின் ஆவிதான் கிடைக்கும்.

கீறி முடித்த படத்திலும் கறுப்பு ஆடு கறுப்பாகவே இருக்க வேண்டும். மாறுவது கை போகும் இடம் மட்டுமே. வெள்ளைத்தாளில் பேனா பிடித்தால் நிழலை வரைகிறோம். இங்கே வெளிச்சத்தை வரைகிறோம், நிழலைத் தொடாமல் விடுகிறோம். இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக் மரக்கட்டையில் செய்ததும் இதுதான். செதுக்காத கட்டையில் மை தடவி அச்சிட்டால் முழுக் கறுப்பாக விழும், உளி போன இடமெல்லாம் வெள்ளையாகும். 1790-இல் வெளிவந்த அவருடைய விலங்குப் படங்களில் மாட்டின் மயிரும் நாயின் மயிரும் இப்படி வெள்ளைக் கோடுகளால் வந்தவை. ஆகவே முறையின் பெயரில் 'வெண்கோடு' இருக்கட்டும்.

சொல்லை முடிவு செய்வதற்கு முன் வேலையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. போட்டோவை அட்டையின் அளவுக்கே அச்செடுத்து, பின்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, அட்டை மேல் வைத்துப் பால்பாயிண்ட் பேனாவால் மெல்ல அழுத்தினால் கறுப்பில் வெள்ளைத் தடம் விழும். கண், மூக்குத்துளை, வாய், காதின் மடிப்பு, இவ்வளவு போதும். மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சில அம்புக்குறிகளும் போடலாம். மரக்கட்டை அச்சில் படம் இடம் வலம் மாறிவிழும் என்பதால் இடம் வலம் மாற்றித் தடம் எடுப்பார்கள். அட்டையில் அந்தக் கவலை இல்லை.

முகத்தைச் சுற்றி எல்லைக்கோடு போடவே கூடாது. நிழல் பக்கத்துக் கன்னம் பின்னணிக் கறுப்போடு கரைந்துபோகட்டும், பார்ப்பவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும். பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு இந்த எல்லைக்கோடுதான்.

கண்ணில் தொடங்குங்கள். ஆட்டின் கருமணி படுக்கைவாட்டில் ஒரு பிளவு போல இருக்கும். அதை அப்படியே கறுப்பாக விட்டுச் சுற்றிக் கீறுங்கள். பிறகு மயிர். வேரில் கத்தியை அழுத்தி, நுனியில் தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் கோடு கூர்ந்து முடியும். மூக்குத் தண்டில் 2 மி.மீ. இருந்தால் போதும், கழுத்தில் நீளும், தாடியில் இன்னும் நீளும். கோடுகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே சீராகப் போனால் மயிர் துடைப்பமாகிவிடும்.

சாம்பல் நிறம் வேண்டிய இடத்தில், கீறிய பரப்பின் மேல் நீர்த்த மையைத் தடவுங்கள். அடியில் இருக்கும் வெள்ளைக் களிமண் அதை உறிஞ்சிச் சாம்பலாகும். காய்ந்தபின், வெயில் நேராகப் படும் மயிர்களை மட்டும் மறுபடி கீறினால் முன்னும் பின்னுமாக இரண்டு அடுக்கு தெரியும். காகித அட்டையில் இதை ஓரிரு முறைக்கு மேல் செய்ய முடியாது. கோட்டின் ஓரம் பிசிறடித்து, விரலுக்குப் பஞ்சு போல் தட்டுப்பட்டால் களிமண் தீர்ந்து காகிதம் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே மை பட்டால் ஊறிப் பரவிவிடும்.

தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்டால் மையில் கறை விழும், நுண்தூள் மூச்சுக்குள்ளும் போகும். மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

ஃபாத்திமா எழுதியது:

ஐயா, எங்கள் வீட்டு ராஜபாளையம் நாயை இப்படிக் கீறினேன். வெள்ளை நாய் என்பதால் உடம்பு முழுவதையும் கீறிவிட்டேன், கடைசியில் வெள்ளைத் தாளில் இரண்டு கண் மட்டும் மிஞ்சியது. எப்படிச் சரி செய்வது?

சொல்லுக்கு என் யோசனை: 'எழுத்தாணி ஓவியம்'. ஓலையில் கீறிய மரபு நம்மிடம் இருக்கிறதே.

இராமநாதன் எழுதியது:

அம்மா, அந்தப் படத்தில் நிழல் பக்கம் முழுவதும் நீர்த்த மையைத் தடவிவிட்டு, வெளிச்சம் படும் முதுகையும் நெற்றியையும் மட்டும் மறுபடி கீறிப் பாருங்கள். வெள்ளை விலங்கிலும் முழு வெள்ளை கொஞ்ச இடத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் வேறொரு போட்டோ எடுத்துத் தொடங்கினால் இன்னும் எளிது. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்த போட்டோவில் நிழலே இருக்காது.

எழுத்தாணி எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஓலையில் கீறிய பள்ளத்தில் கரியைத் தடவித்தான் எழுத்தைத் தெரியவைப்பார்கள். அங்கே கீறல் கறுப்பு, இங்கே வெள்ளை. முறை நேர்மாறு.

செல்வம் எழுதியது:

ஐயா, ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல் கண்தான் காட்டிக்கொடுத்தது. எதிர்மறையை விட்டுவிடுகிறேன்.

அட்டைக்குக் 'கீறுபலகை', படத்துக்குக் 'கீறோவியம்', முறைக்கு 'வெண்கோட்டுக் கீறல்'. எழுதுபலகை போல வினைத்தொகையாக நிற்கும். நான் கணினியில், கிம்ப் என்ற பட மென்பொருளில் செய்யப்போகிறேன். போட்டோவின் மேல் கறுப்பு அடுக்கு ஒன்றை 70 விழுக்காடு அடர்த்தியில் போட்டு, அதற்கும் மேல் ஒரு காலி அடுக்கில் வெள்ளைத் தூரிகையால் மயிர் வரைந்து, முடிந்ததும் கறுப்பை 100-க்கு ஏற்றிவிடலாம். ஆனால் அங்கே எதுவும் கீறப்படவில்லையே, அதையும் கீறோவியம் என்று சொல்லலாமா?

வளர்மதி எழுதியது:

'கீறோவியம்' எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்காமலே புரிந்தது. முறைக்கு 'வெண்கோட்டுக் கீறல்'. மரக்கட்டை வேலைக்குச் 'செதுக்கல்' என்பதை அப்படியே விட்டுவிடலாம், கருவியும் ஆழமும் வேறு. 'கீறுபலகை'யில்தான் தயக்கம். எங்கள் பள்ளிக்கு வருவது காகித அட்டை, பலகை என்றால் மரம் என்று நினைக்கிறார்கள். 'கீறட்டை' என்று எழுதட்டுமா?

இன்னொன்று. ஐயா சொன்ன நீர்த்த மைப் பூச்சுக்கு 'மறுமைப் பூச்சு' என்று எழுதியிருந்தேன். படித்த தமிழாசிரியர், மறுமை என்றால் அடுத்த பிறவி ஆயிற்றே என்றார். 'மீள்மை' என்றால் மீள்தன்மை போல் ஒலிக்கிறது. இந்த ஒரு படிக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.

இராமநாதன் எழுதியது:

கீறட்டை சரி. அடியில் கெட்டி ஹார்டுபோர்டு வைத்து வருவதற்குச் செல்வத்தின் கீறுபலகை இருக்கட்டும், இரண்டும் வேறு பொருள்கள்தானே.

மைப் பூச்சுக்கு 'சாம்பல் பூச்சு' என்று எழுதிப் பாருங்கள். செய்வதைச் சொல்லாமல் கிடைப்பதைச் சொல்கிறது என்பது குறைதான். வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.