ஓனர் ஆதார் போட்டோ கேட்கிறார், நம்பரை எப்படி மறைப்பது?

மாடிவீடு: லாஸ்பேட்டையில் ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறேன். ஓனர் ஆதார் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். பெயர், முகம், முகவரி தெரிந்தால் போதுமாம். நம்பரை எப்படி மறைத்து அனுப்புவது?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? கேலரியில் எடிட் போய், கறுப்பு பேனாவால் முதல் எட்டு இலக்கத்தைத் தேய்த்து அனுப்புங்கள். க்யூஆரில் மட்டும் கை வைக்காதீர்கள், வைத்தால் கார்டு செல்லாது. கடையில் தினமும் இதைத்தான் செய்கிறேன்.

தேவனாம்பட்டினம்: தினமும் செய்கிறாராம். அந்தக் கடைக்குப் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மாடிவீடு, உங்கள் கார்டு எப்போது அச்சானது? 2018-ல்தான் புது க்யூஆர் வந்தது. அதற்கு முந்தைய கார்டு என்றால், நீங்கள் கறுப்படிக்கும் அதே பன்னிரண்டு இலக்கமும் க்யூஆருக்குள் அப்படியே இருக்கும். முன்கதவைப் பூட்டிவிட்டு கொல்லைக்கதவைத் திறந்து வைக்கிற வேலை அது.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: யார் சார் உட்கார்ந்து க்யூஆர் ஸ்கேன் செய்யப் போகிறார்கள்? ஓனருக்கு வேறு வேலை இல்லையா?

தேவனாம்பட்டினம்: ஓனர் செய்யமாட்டார். அவர் புரோக்கருக்கு அனுப்புவார், புரோக்கர் குரூப்பில் போடுவார். சும்மா பேச வேண்டாம், நெட்டை அணைத்துவிட்டு போனில் உள்ள ஸ்கேனரால் பாருங்கள். பழைய கார்டு என்றால் uid= என்று போட்டு நம்பரும், அதோடு பெயர், முகவரி எல்லாமும் படிக்கிற மாதிரி வரும். புதியது என்றால் தலைகால் புரியாத நீண்ட எண்வரிசை வரும்.

மாடிவீடு: பார்த்தேன் அண்ணே. uid= போட்டு முழு நம்பரும் வருகிறது.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: அது அவர் கார்டு. எல்லா கார்டும் அப்படி இல்லை.

தேவனாம்பட்டினம்: எல்லாம் அப்படி என்று நான் எங்கே சொன்னேன்? அப்புறம் அந்தக் கறுப்புப் பேனா. பல போன்களில் அது ஹைலைட்டர் மாதிரி லேசாக ஊடுருவும். கண்ணுக்குக் கறுப்பு, பிரைட்னஸைக் கூட்டினால் இலக்கம் மேலே வரும். ஒளி ஊடுருவாத கட்டம் வரைந்து நிரப்பி, தனிப் படமாகச் சேமித்து, பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நம்பர் பின்பக்கத்திலும் இருக்கும், அதை மறக்காதீர்கள். சில கார்டுகளில் நம்பருக்குக் கீழே பதினாறு இலக்க வி.ஐ.டி. இருக்கும், அதையும் மறைக்க வேண்டும்.

லாஸ்பேட்டை அக்கா: என் மாமியார் ரேஷன் கார்டை இப்படித்தான் ஒருத்தருக்கு அனுப்பினார். மஞ்சள் கார்டு. அதில் எதை மறைக்க வேண்டும்?

தேவனாம்பட்டினம்: அக்கா, இங்கே ஆதாரைப் பற்றித்தான் பேச்சு.

லாஸ்பேட்டை அக்கா: கேட்டால் தப்பா? கடலூர்க்காரர்கள் பாண்டிச்சேரி விஷயம் என்றாலே இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை: நம்பரை மறைத்துத் தரும் மாஸ்க்டு ஆதார் வாங்கினால் பிரச்சினையே இல்லை. myaadhaar.uidai.gov.in போய், பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. போட்டு, மாஸ்க்டு என்ற கட்டத்தை டிக் செய்து இறக்குங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால் அதிலும் க்யூஆர் இருப்பதால் முழு நம்பரும் உள்ளே இருக்கும்.

தேவனாம்பட்டினம்: முதல் பாதி சரி, கடைசி வாக்கியம் தப்பு. புது க்யூஆரில் நம்பரின் கடைசி நான்கு இலக்கம்தான் இருக்கும். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் இருக்கும். நம்பரை மட்டும் மறைப்பவர் க்யூஆரை விட்டுவிடலாம், ஓனர் கார்டு உண்மையா என்று அதில் சரிபார்க்கலாம். பிறந்த தேதியையும் மறைப்பவர் க்யூஆரை மறைத்தே ஆக வேண்டும். இறங்கும் பி.டி.எஃப்.புக்கு பாஸ்வேர்ட் உண்டு: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். அதை ஓனருக்குச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: முதலில் க்யூஆரை மறை என்றார், இப்போது விடலாம் என்கிறார். நான் சொன்னதும் அதுதானே?

தேவனாம்பட்டினம்: பழையதை மறை, புதியதை விடலாம். இரண்டும் ஒன்றா? போன தடவை பான் கார்டு விஷயத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: பான் கார்டில் நீங்கள் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் சார். போடட்டுமா?

மாடிவீடு: மறைத்து அனுப்பிவிட்டேன். க்யூஆர் இல்லாத கார்டு போலி என்கிறார் ஓனர். மாஸ்க்டு இறக்கலாம் என்றால், பதிவு செய்த சிம் என்னிடம் இல்லை. என்ன செய்ய?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்: பார்த்தீர்களா? க்யூஆரில் கை வைக்காதே என்று அப்போதே சொன்னேன்.

தேவனாம்பட்டினம்: சிம் இல்லையென்றால் ஆதார் மையத்துக்குப் போய் மொபைல் நம்பரை மாற்றிவிட்டு இறக்குங்கள். அதற்குள் அவசரம் என்றால் நேரில் போய் கார்டைக் காட்டிவிட்டு வாருங்கள், போட்டோ எடுக்க விடாதீர்கள். ஜெராக்ஸ் சார், அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள், பார்ப்போம்.

லாஸ்பேட்டை அக்கா: ரேஷன் கார்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.