புதுப்பிப்பு: பாக்டீரியா எண்ணிக்கை அட்டவணையில் பத்து மடங்கு வித்தியாசம்

நான் கேட்டிருந்தது: “ஒரே பால் மாதிரிக்கு 10⁻⁵ நீர்ப்புத் தட்டு 1.42 × 10⁷ என்றும் 10⁻⁶ தட்டு 1.5 × 10⁸ என்றும் காட்டுகின்றன. எது சரி?”

இரண்டாவதுதான் சரி. நீர்ப்பில் பிழை இருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னது நியாயமான ஐயமே. ஆனால் தட்டுகளில் எண்ணிய காலனிகள் 142, 15 என்று ஏறக்குறைய பத்து மடங்கு குறைந்திருப்பதால், நீர்ப்பு ஒழுங்காகவே நடந்திருக்கிறது. தட்டில் எவ்வளவு பரப்பினீர்கள் என்று அனுபவமுள்ள அக்கா ஒருவர் கேட்ட பிறகே குறிப்பேட்டைத் திறந்தேன். 0.1 மி.லி. பரப்பியதைச் சேர்த்து, 142 × 10⁶ என்று சரியாகவே எழுதியிருக்கிறேன். அதை அட்டவணைக்கு மாற்றும்போது புள்ளியை இரண்டு இடம் இடப்புறம் நகர்த்திவிட்டு, அடுக்கில் ஒன்றை மட்டுமே கூட்டியிருக்கிறேன். வரவேண்டியது 1.42 × 10⁸.

15 காலனிகள் நம்பகமான எண்ணிக்கைக்குக் குறைவுதான் என்றாலும், அடுக்கைச் சரிபார்க்க அது போதுமானதாக இருந்தது.

தம்முடைய விரிதாளில் 1E+08 என்று தோன்றுவதைப் பற்றிக் கேட்டவருக்கு: அது காட்சி அமைப்பு மட்டுமே, மதிப்பு மாறுவதில்லை.

மூன்றாம் மாதிரிக்கு ஒரே தட்டுதான் எண்ணத்தக்கதாக இருந்தது. அதன் காலனி எண்ணிக்கையை நான் குறித்து வைக்காததால், அந்த வரிசையை இப்போதைக்கு நீக்கியிருக்கிறேன்.