ராத்திரி சாப்பாட்டு நேரத்துப் போனை எப்படி நிறுத்துவது?

வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். மகனுக்கு இரண்டே கால் வயது. "தண்ணி தா", "தாத்தா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான்.

2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் திரை பார்க்கலாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. எங்களுக்கு அது சரியாக வருகிறது. மாலையில் அவன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வீடியோவை நடுநடுவே நிறுத்தி, "மாடு என்ன பண்ணுது?" என்று கேட்பார். அவனும் பதில் சொல்வான். தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் அணைத்துவிட்டோம்.

சிக்கல் ராத்திரி எட்டு மணிக்குத்தான். போன் இருந்தால் இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு திரையையே பார்க்கிறான். அப்போது ஒரு வார்த்தை பேச மாட்டான், வயிறு நிறைந்ததும் அவனுக்கே தெரிவதில்லை. அப்புறம் தூக்கம் பத்தரைக்கு மேல் போகிறது. போன் இல்லாவிட்டால் நாலு வாய்தான் சாப்பிடுகிறான்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை நிறுத்த வேண்டும், தெரியும். ஒரேயடியாக நிறுத்தினீர்களா, படிப்படியாகவா? குறைவாகச் சாப்பிட்ட நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்? அவன் அப்பா துபாயிலிருந்து வீடியோ காலில் வருவதும் ஒன்பது மணிக்குத்தான். அதை மாலைக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால், தூக்கத்தில் வித்தியாசம் தெரிந்ததா என்று சொல்லுங்கள்.