கோடை விடுமுறை ஓவியப் போட்டி: மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டியது தவறா?

தெருமுனை வாசகன்:
எங்கள் வாசகர் வட்டம் இந்த மே மாதம் குழந்தைகளுக்கு இணையவழியில் ஓவியப் போட்டியும் கதைப் போட்டியும் நடத்தியது. 8 முதல் 10 வயதுப் பிரிவுக்கு ‘எங்கள் தெரு’ என்பது ஓவியத் தலைப்பு. மூன்று நடுவர்கள் நூற்றுக்கு இட்ட மதிப்பெண்களைக் கூட்டி முதலிடத்தை அறிவித்தோம். இறுதிக்கு வந்த படங்களில் 17ஆம் எண்ணுக்கு 82, 80, 55. 31ஆம் எண்ணுக்கு 80, 79, 70. 23ஆம் எண்ணுக்கு 78, 77, 90. மொத்தத்தில் 23ஆம் எண்ணே முதலாவதாக வந்தது. “நாங்கள் இருவரும் மூன்றாவதாக வைத்த படம் எப்படி முதலிடம் பெற்றது?” என்று முதல் இரண்டு நடுவர்களும் கேட்கிறார்கள். பெற்றோர் சிலர் முழு மதிப்பெண் பட்டியலையும் குழுவில் போடச் சொல்கிறார்கள். நாங்கள் கூட்டியது தவறா? பட்டியலை வெளியிடலாமா?

கணக்கு வாத்தியார்:
கூட்டியதில் பிழையில்லை, ஐயா. கூட்டக் கூடாததைக் கூட்டியிருக்கிறீர்கள். முதல் நடுவர் மூன்று படங்களையும் 78க்கும் 82க்கும் இடையில் அடக்கிவிட்டார். இரண்டாமவர் 77க்கும் 80க்கும் இடையில் நிற்கிறார். மூன்றாமவர் 55 முதல் 90 வரை விரித்து இட்டிருக்கிறார். இப்படிப்பட்ட மூவரின் எண்களைக் கூட்டினால், விரித்து இடுபவர் தனியாக அமர்ந்து தீர்ப்பளித்ததற்கும் அதற்கும் வேறுபாடு இராது. மற்ற இருவரும் சேர்ந்து 17ஆம் படத்துக்குத் தந்த முன்னிலை ஏழு மதிப்பெண். அவர் ஒருவரே 23ஆம் படத்துக்குத் தந்த முன்னிலை முப்பத்தைந்து.

ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் இட வரிசையாக மாற்றிப் பாருங்கள். 17ஆம் எண்ணுக்கு 1, 1, 3 என்று கூட்டல் ஐந்து; 31ஆம் எண்ணுக்கு 2, 2, 2 என்று ஆறு; 23ஆம் எண்ணுக்கு 3, 3, 1 என்று ஏழு. குறைந்த கூட்டல் பெற்றதே முதலிடம் என்பதால் உங்கள் முடிவு தலைகீழாகிறது. ஆனால் இந்த முறையை இறுதிக்கு வந்த எட்டு, பத்துப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், 34ஆவதற்கும் 35ஆவதற்கும் என்ன வேறுபாடு என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது.

மரப்பாச்சி:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் செய்வதுபோல ஒவ்வொரு படத்துக்கும் மிக உயர்ந்த மதிப்பெண்ணையும் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணையும் தள்ளிவிடுங்கள். 17க்கு 80, 31க்கு 79, 23க்கு 78 என்று எஞ்சும். மூன்றாவது நடுவரின் ஆர்வக்கோளாறு தானாக அடங்கிவிடும்.

கணக்கு வாத்தியார்:
ஐந்து நடுவர்களாவது இருந்தால் அது நல்ல வழிதான், நண்பரே. மூவரில் இருவரைத் தள்ளினால் ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு நடுவர்தான் தீர்மானிக்கிறார். அந்த ஒருவரும் படத்துக்குப் படம் மாறுகிறார். நீங்கள் கண்ட 80, 79, 78 ஆகிய மூன்றில் எதை எந்த நடுவர் தந்தார் என்று பாருங்கள். 17க்கும் 31க்கும் இரண்டாவது நடுவரின் எண். 23க்கு முதல் நடுவரின் எண். ஒரு மதிப்பெண் இடைவெளியில் அதை நம்பிப் பரிசு தர எனக்குத் துணிவில்லை.

பழைய நடுவர்:
இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் போட்டிகளில் நடுவராக இருந்தவன் என்ற முறையில் இருவரோடும் மாறுபடுகிறேன். நூறு மதிப்பெண் கொடுத்தும் மூன்று படங்களையும் நான்கு மதிப்பெண்ணுக்குள் முடக்கியவர்தான் தம் வேலையைச் சரியாகச் செய்யாதவர். விரித்து இட்டவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று யோசித்திருக்கிறார். அவருடைய 90க்கும் 55க்கும் இடையிலான தூரம் ஒரு கருத்து. அதை “மூன்றாவது இடம், முதல் இடம்” என்று சுருக்கினால் அந்தக் கருத்து அழிந்துபோகிறது. தெருமுனை ஐயா, அந்த மூன்று படங்களிலும் என்ன வரைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். படத்தைப் பார்க்காமல் எண்ணை வைத்துச் சண்டை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

தெருமுனை வாசகன்:
17ஆம் படத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதிக்கிறது; ஓர் ஆறு வளைந்து வருகிறது; ஓலைக் குடிசை, தென்னை மரம், கறுப்புக் கோட்டில் நான்கு பறவைகள். வண்ணம் ஓரிடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை. 31ஆம் படம் தேர்த் திருவிழா. 23ஆம் படம் ரேஷன் கடை வரிசை. அதில் ஒருவருக்கும் தலையில்லை. தாளின் மேல் விளிம்பில் எல்லாரும் இடுப்போடு முடிந்துவிடுகிறார்கள். வேட்டி, புடவை, தேய்ந்த செருப்பு, தரையைத் தொடும் மஞ்சள் பைகள், அவற்றுக்கு நடுவே ஒரு நாய் முழுதாக நிற்கிறது. நாயின் கால்கள் கோணல். கிரேயான் பல இடங்களில் கலைந்திருக்கிறது.

பழைய நடுவர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். எட்டு வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் ரேஷன் கடை அப்படித்தான் தெரியும். மலையும் சூரியனும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் மனப்பாடம். காணொளி பார்த்துப் படிப்படியாக வரையவும் கற்றுத் தருகிறார்கள். தலைப்பு ‘எங்கள் தெரு’. எந்தத் தெருவில் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதிக்கிறது?

கணக்கு வாத்தியார்:
படங்களைப் பற்றித் தெரிந்தபின் என் பதிலில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். முதல் இருவரும் தூய்மைக்கு மதிப்பெண் இட்டிருக்கிறார்கள். மூன்றாமவர் சொந்தப் பார்வைக்கு இட்டிருக்கிறார். வெவ்வேறு பொருள்களை அளந்த எண்களைக் கூட்டினாலும் வரிசைப்படுத்தினாலும் நேராகாது. எதற்கு எவ்வளவு என்று நடுவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தீர்களா?

தெருமுனை வாசகன்:
இல்லை. “நூற்றுக்கு இடுங்கள்” என்று மட்டுமே சொன்னோம்.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் கோளாறு தொடங்கிய இடம் அதுதான். தலைப்போடு பொருந்திய சொந்தக் கற்பனைக்கு 40, படம் தாளில் அமைந்த விதத்துக்கு 30, வண்ணத்துக்கும் கோட்டுக்கும் 30 என்பது போன்ற பகுப்பை அறிவிப்பிலேயே வெளியிட்டிருக்க வேண்டும். பெற்றோரும் அதைப் பார்த்தே பிள்ளையை வரையவிட்டிருப்பார்கள். அடுத்து, மூவரும் முதலில் ஐந்து படங்களுக்கு மட்டும் மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுப் பேசட்டும். பழைய போட்டிப் படங்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம். அதன்பின் மற்றவற்றைத் தனித்தனியே, ஒவ்வொருவரும் வெவ்வேறு வரிசையில் பார்க்கட்டும். ஒரே வரிசையில் பார்த்தால் நாற்பதாவது படத்தில் மூவருக்கும் ஒருசேரக் களைப்பு வரும். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?

பழைய நடுவர்:
மூவரும் கலந்து பேசினால், குரல் உயர்ந்தவர் பக்கம் மற்ற இருவரும் சாய்ந்துவிடுவார்கள். இதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். 20 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வந்த படத்துக்கு மட்டும் ஒவ்வொருவரும் இரண்டு வரி காரணம் எழுதித் தந்தால் போதும்.

தாராவின் அம்மா:
நீங்கள் கதைப் போட்டியைப் பற்றிப் பேசுவதாக நினைத்து உள்ளே வந்தேன். இருந்தாலும் சொல்கிறேன். வேறோர் இணையப் போட்டியில் என் மகளின் கதையை “300 சொற்களைத் தாண்டிவிட்டது” என்று நிராகரித்தார்கள். அவள் ‘வந்து கொண்டு இருந்தது’ என்று பிரித்துப் பிரித்து எழுதுவாள்; கணினி அதை மூன்று சொல்லாக எண்ணுகிறது. ‘வந்துகொண்டிருந்தது’ என்று சேர்த்து எழுதும் பிள்ளைக்கு அதே வினை ஒரு சொல்தான். ஓவியத்தையும் அவள் அனுப்பினாள். மஞ்சள் விளக்கில் நான் எடுத்த படத்தில் அவளுடைய வெளிர்நீல வானம் பச்சையாகத் தெரிந்தது. இதற்கெல்லாம் யாரிடம் நியாயம் கேட்பது?

கணக்கு வாத்தியார்:
கேள்வி வேறென்றாலும் உங்கள் குறை நியாயமானது, அம்மா. தமிழ்க் கதைக்குச் சொல் எண்ணிக்கையை வேலியாக வைக்கவே கூடாது. கோடிட்ட தாளில் இரண்டு பக்கம் என்று வைக்கலாம். சொல்தான் வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அனுமதிக்கலாம். ஓவியத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னலருகே, நிழல் விழாமல் நேர்மேலிருந்து படமெடுத்து, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். புகைப்படமாகப் போனால் அது சுருக்கப்பட்டு, பென்சில் கோடுகள் மங்கிவிடும்.

வழக்குரைஞர் அக்கா:
இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. குழுவில் பெயர், பள்ளி, வீட்டு எண் ஆகியவற்றோடு பட்டியல் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. முதல் மூவரின் பெயரைக்கூட, படிவத்தில் பெற்றோர் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும், வயதுப் பிரிவோடு நிறுத்திக்கொண்டு வெளியிடுங்கள். கைபேசியில் எடுத்த மூலக்கோப்பில், எடுத்த இடமே பதிவாகியிருக்கக்கூடும். வாத்தியார் சொன்னபடி ஆவணமாக வாங்கினால் அந்த விவரமும் கூடவே வரும். பொதுவில் போடுமுன் அதை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று. “அனுப்பிய படைப்புகள் அனைத்தும் எங்களுக்கே சொந்தம்” என்ற வரி உங்கள் விதிகளில் இருந்தால் எடுத்துவிடுங்கள். படம் குழந்தையுடையது. காட்சிக்கு வைக்கவும் மலரில் அச்சிடவும் பெற்றோரிடம் அனுமதி கேட்டால் போதும்.

மரப்பாச்சி:
மறைத்தால்தான் சந்தேகம் வளரும், அக்கா. அமைப்பாளரின் உறவுக்காரப் பிள்ளைக்குப் பரிசு போனது என்று நாளைக்கே பேச்சு வரும். பெயரில்லாமல் எண்ணை மட்டும் போட்டுப் பட்டியலை வெளியிட என்ன தடை?

வழக்குரைஞர் அக்கா:
படங்கள் ஏற்கெனவே குழுவில் வந்துவிட்டன என்றால், 44ஆம் எண் யாருடைய படம் என்பது தெருவுக்கே தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் கடைசி என்று பக்கத்து வீட்டார் வாயால் தெரிய வேண்டுமா? ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர் பிள்ளையின் மதிப்பெண்ணையும் நடுவரின் ஒரு வரிக் குறிப்பையும் தனியாக அனுப்புங்கள். பொதுவில் பகுப்பையும் கணக்கிட்ட முறையையும் மட்டும் சொல்லுங்கள்.

மரப்பாச்சி:
தனியாக அனுப்பியதை அவர்களே குழுவில் போட்டு ஒப்பிடுவார்கள். பார்க்கத்தான் போகிறீர்கள்.

தெருமுனை வாசகன்:
மூன்று நடுவர்களோடும் நேற்றிரவு பேசினோம். அறிவித்த பரிசைத் திரும்பப் பெறுவதில்லை என்பதில் அனைவரும் ஒன்றுபட்டோம்; ரேஷன் கடை வரைந்த சிறுமி ஏற்கெனவே தன் பாட்டியிடம் சொல்லிவிட்டாளாம். 17ஆம் எண்ணுக்கும் முதல் பரிசு தந்து சமன்செய்யலாம் என்கிறார் முதல் நடுவர். காணொளி பார்த்து வரைந்ததற்கு இரண்டாவது இடமே அதிகம் என்கிறார் மூன்றாமவர். மதிப்பெண்களைப் பெற்றோருக்குத் தனித்தனியே அனுப்பத் தொடங்கிவிட்டோம். மரப்பாச்சி சொன்னதுபோலவே மூன்று பேர் அதைக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

பழைய நடுவர்:
17ஆம் எண் பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள். காணொளியைப் பார்த்து வரையக் கூடாது என்று உங்கள் விதியில் எழுதியிருந்ததா, ஐயா?