உதவி தேவை: ஒரே ஒரு தேதியைக் கேட்க இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் தெரியவில்லை

குறிப்பேடு

பயிற்சி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்பவர்களுக்கு எடுத்து அனுப்புவது என் வேலை. மூன்று நாள் முன்பு ஒரு அம்மா எழுதியிருந்தார்கள்: “03/04/2023 வகுப்பின் பதிவு வேண்டும். இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். எம்பி3 ஆக இருந்தால் நல்லது.” தேதியைத் தவிர எல்லாம் தெளிவு. அது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்றுதான் தெரியவில்லை.

நான் எழுதிய முதல் பதில்:

“வணக்கம். தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் கேட்டுள்ள பதிவைத் தேடுவதற்குத் தாங்கள் குறிப்பிட்டுள்ள தேதி தெளிவாக இல்லாத காரணத்தினால், தயவுசெய்து முழு விவரங்களையும் மீண்டும் ஒருமுறை தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அதற்கு அவர் பழைய கடிதத்தையே எழுத்து மாறாமல் திருப்பி அனுப்பினார். அதே 03/04/2023. சரி, சுருக்கமாகக் கேட்போம் என்று அடுத்து இப்படி எழுதினேன்: “தேதி மார்ச் 4 இல்லையே?” வந்த பதில் ஒரே சொல்: “ஆமாம்.”

மூன்றாவது முறையும் கேட்டால் எரிச்சல் வரும் என்று பயமாக இருக்கிறது. தொந்தரவு செய்கிற மாதிரி இல்லாமல், தேதியை மட்டும் எப்படிக் கேட்பது?

மேசைவிளக்கு

நான் என்றால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி உறுதி செய்யச் சொல்வேன். “நீங்கள் கேட்டது: 1. வகுப்பின் ஒலிப்பதிவு. 2. எம்பி3 வடிவம். 3. இதே மின்னஞ்சல் முகவரி. 4. தேதி? சரிபார்த்துச் சொல்லுங்கள்.” அவர் சொன்னதையெல்லாம் கவனமாகப் படித்திருக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும். பின்னால் தகராறும் வராது.

வரிக்குதிரை

விண்ணப்பப் படிவத்தில் நாட்காட்டி வைத்துத் தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தப் பிரச்சினையே வராதே? அந்தக் கட்டத்தைக் கட்டாயம் ஆக்கிவிடுங்கள்.

குறிப்பேடு

வரிக்குதிரை, எங்களுக்குப் படிவம் இல்லை, எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகிறது. இனி வருபவர்களுக்கு யோசிக்கலாம். இப்போது இந்த ஒருவருக்கு என்ன எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

பழைய தட்டச்சு

கடிதப் போக்குவரத்துப் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த அம்மா இரண்டு முறையும் நீங்கள் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

முதல் கடிதத்தில் “முழு விவரங்களையும் மீண்டும் ஒருமுறை” என்று கேட்டீர்கள். அவர் முழு விவரங்களையும் மீண்டும் ஒருமுறை அனுப்பினார். தேதி என்ற சொல் உங்கள் வாக்கியத்தின் நடுவில், “காரணத்தினால்” என்பதற்குள் புதைந்து கிடக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், காரணத்தை முன்னால் அடுக்க அடுக்க, கேட்பது என்ன என்பது தள்ளித் தள்ளிப் போய் வாக்கியத்தின் வாலில் விழும். படிப்பவர் மனதில் நிற்பதும் அந்த வால்தான். அந்த நீள வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். கேள்வி முதலில் வரட்டும், காரணம் வேண்டுமென்றால் அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.

“தெளிவாக இல்லை” என்பதையும் எடுத்துவிடுங்கள். அவருக்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது, 03/04 என்றால் எந்த நாள் என்று அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தச் சொல்லைப் படித்தால், தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டோம் போல என்று தன் கடிதத்தையே திரும்பப் பார்ப்பார். அங்கே தப்பு எதுவும் கண்ணில் படாது. அதனால் அதையே மறுபடி அனுப்புவார்.

இரண்டாவது கேள்வி இன்னும் சிக்கல். “மார்ச் 4 இல்லையே?” என்பதற்கு “ஆமாம்” என்றால் “ஆமாம், மார்ச் 4 இல்லை” என்றும் கொள்ளலாம், “ஆமாம், மார்ச் 4தான்” என்றும் கொள்ளலாம். நம் பேச்சில் இரண்டுமே வழக்கம்தான். நேரில் என்றால் தலையசைப்பும் குரலும் காட்டிக் கொடுத்துவிடும், எழுத்தில் ஒன்றும் கிடையாது. விடுபட்ட ஒரு விவரத்தைக் கேட்கும்போது இல்லை, அல்ல, வரவில்லையா என்று எதிர்மறையில் கேட்கவே கூடாது.

மேசைவிளக்கு சொன்னதில் பாதி சரி. மற்றதெல்லாம் புரிந்தது என்று தெரிவிப்பது நல்லதுதான். ஆனால் நான்கையும் சரிபார்க்கச் சொன்னால், முடிந்துபோன மூன்றையும் நீங்களே மறுபடி திறந்துவிடுகிறீர்கள். “எம்பி3 வேண்டாம், வேறு வடிவம் இருக்கிறதா?” என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பும், தேதிக்குப் பதில் வராது. அந்த நான்கு வரியும் சொல்வதை “மட்டும்” என்ற ஒரு சொல்லே சொல்லிவிடும். “தேதி மட்டும் தெரிந்தால் போதும்” என்றாலே மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது என்று ஆகிவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். இரண்டு தேதியிலும் உண்மையிலேயே வகுப்பு நடந்ததா? 2023 மார்ச் 4 சனிக்கிழமை, ஏப்ரல் 3 திங்கட்கிழமை. சனிக்கிழமை வகுப்பு இல்லையென்றால் கேள்வியே தேவையில்லை.

குறிப்பேடு

அதை முதலிலேயே பார்த்துவிட்டேன், இரண்டு நாளும் நடந்திருக்கிறது. கிழமையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. இப்படி எழுதலாமா?

“மார்ச் 4 அன்று நடந்த வகுப்பின் பதிவு வேண்டுமா, ஏப்ரல் 3 அன்று நடந்த வகுப்பின் பதிவு வேண்டுமா?”

பழைய தட்டச்சு

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் வாக்கியத்தைக் கேள்வியாக்கும் அந்த “ஆ” எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். “வேண்டுமா” என்று வினையில் ஒட்டியிருக்கிறது. அவசரமாகப் படிப்பவர் கடைசிச் சொல்லைப் பார்த்து “வேண்டும்” என்று எழுதிவிடுவார். எது தெரிய வேண்டுமோ அதிலேயே “ஆ”வை ஒட்டுங்கள். “நாளைக்கு வருகிறீர்களா?” என்றால் வருவதைப் பற்றிய கேள்வி, “நாளைக்கா வருகிறீர்கள்?” என்றால் நாளைப் பற்றிய கேள்வி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

“வணக்கம். நீங்கள் கேட்டது எந்த நாள் வகுப்பு? மார்ச் 4 சனிக்கிழமையா, ஏப்ரல் 3 திங்கட்கிழமையா? அது மட்டும் தெரிந்தால் போதும், பதிவை அனுப்பிவிடுவேன். நன்றி.”

மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரால் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். கிழமை போட்டதற்கும் காரணம் உண்டு. வகுப்புக்குப் போனவருக்குத் தேதி மறந்திருக்கலாம், விடுமுறை நாளில் போனோமா வேலை நாளில் போனோமா என்பது நினைவிருக்கும்.

மேசைவிளக்கு

மூன்றாவது முறை கேட்கிறோம், ஒரு “மன்னிக்கவும்” கூட இல்லாமலா? “தயவுசெய்து”வும் இல்லை. எனக்கு இது கொஞ்சம் வெடுக்கென்று படுகிறது.

பழைய தட்டச்சு

“நீங்கள்”, “வணக்கம்”, “நன்றி” மூன்றுமே மரியாதையைச் சுமக்கின்றன. ஆனால் இரண்டு முறை அலையவிட்டது நம் பக்கத் தவறு என்பது உண்மை. “மறுபடி கேட்பதற்கு மன்னிக்கவும்” என்று ஒரே வரி வைக்கலாம். அது கேள்விக்குப் பின்னால் இருக்கட்டும். கைபேசியில் அறிவிப்பாக வரும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும், அங்கே மன்னிப்பு உட்கார்ந்தால் கேள்வி மறைந்துவிடும்.

இரவுப்பணி

குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இதே மாதிரிதான். அறிக்கை கேட்பவரிடம் “எப்போது வேண்டும்?” என்று கேட்டால் “சீக்கிரம்” என்கிறார். மறுபடி “சரியாக எப்போது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். “முடிந்தவரை சீக்கிரம்” என்று வந்தது.

பழைய தட்டச்சு

“எப்போது” என்ற கேள்விக்குச் “சீக்கிரம்” என்பதும் முறையான விடைதானே. விடை எந்த உருவத்தில் வர வேண்டுமோ அந்த உருவத்திலேயே கேளுங்கள். “எந்தத் தேதிக்குள் வேண்டும்?” என்றால் தேதி வரும், “எத்தனை மணிக்குள்?” என்றால் மணி வரும். “என்ன”வுக்குப் பதில் “எந்த” போட முடிகிற இடத்திலெல்லாம் போட்டுப் பாருங்கள், விடை தானாகச் சுருங்கும்.

வரிக்குதிரை

இரண்டு பதிவையும் அனுப்பிவிட்டால் என்ன? கேள்வியே வேண்டாமே.

குறிப்பேடு

அனுப்ப முடியாது. வகுப்பில் பங்கேற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த வகுப்பின் பதிவு. மற்றவர்கள் பேசியதும் அதில் இருக்கிறது. அவர் எந்த வகுப்பில் இருந்தார் என்ற வருகைப் பட்டியலும் என்னிடம் இல்லை.

மேசைவிளக்கு

அப்படியானால் “பதில் வராவிட்டால் ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாள் முதலில், மாதம் அடுத்து என்று எழுதுபவர்கள்தான் நமக்குள் அதிகம்.

பழைய தட்டச்சு

இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தவறினால் எளிதாகத் திருத்திக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு அந்த வரி நல்லது, வேலை நிற்காது. ஒருவருடைய பதிவு இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது.

மேசைவிளக்கு

அவர் பதிலே போடாவிட்டால் எத்தனை நாள் கோப்பை மூடாமல் வைத்திருப்பது? அதையும் யாராவது சொல்லுங்கள்.

குறிப்பேடு

நேற்று மாலை அனுப்பினேன். பழைய தட்டச்சு எழுதிய அதே வரிகள், நன்றிக்கு முன்னால் “மறுபடி கேட்பதற்கு மன்னிக்கவும்” சேர்த்தேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது: “திங்கட்கிழமை வகுப்பு. சனிக்கிழமை நான் வரவே இல்லை.” பதிவு போய்விட்டது. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன், “முழு விவரங்களையும்” என்று நான் எழுதிய இடங்கள் இன்னும் ஆறு இருக்கின்றன. அதில் நான்கு பேரிடமிருந்து எனக்கு ஒரே ஒரு விவரம்தான் தேவைப்பட்டது. இன்று அவர்களுக்கு மாற்றி எழுதப் போகிறேன்.

இரவுப்பணி

நானும் “எந்தத் தேதிக்குள்?” என்று கேட்டுப் பார்த்தேன். “எனக்கே இன்னும் சொல்லவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்று வந்தது. இத்தனை நாள் அவருக்கே தெரியாமல்தான் “சீக்கிரம்” என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.