பிடித்தம் பத்தியில் இரண்டு 1,800: உங்கள் சம்பளச் சீட்டு அனுபவங்கள்

காட்பாடிக்காரன்
ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று சொல்லித்தான் ராணிப்பேட்டை நிறுவனமொன்றில் என் தம்பியை வேலைக்கு எடுத்தார்கள். மாதம் முப்பதாயிரம் வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தோம்; வங்கியில் விழுந்ததோ 25,678. சீட்டைப் பார்த்தால் பிடித்தம் பத்தியில் பி.எஃப். 1,800 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள் இருக்கின்றன. அந்த இரண்டாவது வரி இன்னும் கண்ணில் நிற்கிறது.

சத்துவாச்சாரி செல்வி
அந்த இரண்டாவது 1,800 நிறுவனம் கட்ட வேண்டிய பங்கு; அதைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிப்பது சட்டப்படி குற்றம். எங்கள் அலுவலகத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. உடனே புகார் கொடுங்கள்.

பழைய சம்பளக் கணக்கர்
பிடிக்கக் கூடாது என்பது சரிதான், அம்மா. ஆனால் சீட்டின் இடப்பக்கத்தில் உள்ள வருவாய்ப் பத்தியையும் பார்க்காமல் புகாருக்குப் போக வேண்டாம். ராணிப்பேட்டையில் நான் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் ஒருவர் இதே இரண்டு வரிகளோடு மேசைக்கு முன் வந்து நின்றார். காட்பாடிக்காரரின் தம்பி சீட்டிலும் வருவாய்ப் பத்தியில் அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப் படி 7,500, சிறப்புப் படி 4,978 ஆகியவற்றுக்குக் கீழே நிறுவனத்தின் பி.எஃப். 1,800 என்றும் ஒரு வரி இருந்தால், மொத்தம் 29,278 ஆகும். அதிலிருந்து இரண்டு 1,800 போனால் மிஞ்சுவது அதே 25,678. நிறுவனத்தின் பங்கை ஒரு பக்கம் வரவு வைத்து மறுபக்கம் கழித்திருக்கிறார்கள், அவ்வளவே. வருவாயில் அந்த வரி இல்லாமல் மொத்தம் 27,478 என்றே நின்று, அதிலிருந்து 3,600 பிடித்திருந்தால் கைக்கு 23,878தான் வந்திருக்கும். செல்வி சொல்லும் குற்றம் அதுதான். முப்பதாயிரத்தில் இன்னும் இடிக்கும் 722 ரூபாய், அடிப்படையில் 4.81 விழுக்காடாகப் பேக்கேஜில் சேர்த்த பணிக்கொடை. அது மாதச் சீட்டில் வராது. தொழில்வரி அரையாண்டுக்கொருமுறை பிடிக்கப்படுவதால், அந்த மாதம் 1,250 வரை குறைந்தால் பதற வேண்டாம்.

ஆம்பூர் ஷூ லைன்
என் கதை வேறு. பி.எஃப். பாஸ்புக்கில் என் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550 என்றே மாதாமாதம் ஏறுகிறது. மீதி 1,250 ரூபாயைக் கம்பெனி விழுங்கிவிட்டது என்று லைனில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம்.

பழைய சம்பளக் கணக்கர்
அதே பாஸ்புக்கில் ஓய்வூதியத்துக்கென்று தனிப் பத்தி இருக்கும், தம்பி. 15,000 ரூபாய்க்கு 8.33 விழுக்காடான அந்த 1,250 அங்கே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கேள்வி கேட்கலாம்.

காட்பாடிக்காரன்
வருவாயிலும் அந்த 1,800 இருக்கிறது, ஐயா. பி.எஃப். போகட்டும், அவன் பெயரில் சேர்கிறது. ஐந்தாண்டு முடியாமல் பெரும்பாலும் கைக்கு வராத பணிக்கொடையையும் சம்பளம் என்று சொல்லி ஆள் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

சத்துவாச்சாரி செல்வி
அதற்காகத்தான் புகார் கொடுங்கள் என்றேன்.